கனவில் வீடு பற்றி எரியும்போது

1900-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், வியன்னாவில் சிகிச்சைக்கு வந்த 18 வயதுப் பெண் ஒருத்தி, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டிடம் ஒரு கனவைச் சொன்னாள். வீடு தீப்பற்றி எரிகிறது. அப்பா கட்டிலருகே நின்று அவளை எழுப்புகிறார். அவள் அவசரமாக உடுத்திக்கொள்கிறாள். அம்மாவோ தன் நகைப்பெட்டியை எடுத்துவிட்டுத்தான் வருவேன் என்கிறாள். "உன் நகைப்பெட்டிக்காக நானும் என் இரண்டு பிள்ளைகளும் எரிந்துபோக முடியாது" என்கிறார் அப்பா. எல்லோரும் படியிறங்கி ஓடுகிறார்கள். வாசலைத் தாண்டியதும் விழிப்பு வந்துவிடுகிறது. 1905-இல் இதை அச்சில் கொண்டுவந்தபோது ஃபிராய்டு அவளுக்கு 'டோரா' என்று புனைபெயர் வைத்தார்.

தீக்கனவு எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க இதைவிட வசதியான கனவு கிடைப்பது அரிது. ஏனென்றால் இதில் உள்ள சாமான்கள் எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடிகிறது. இந்தக் கனவு அவளுக்குப் புதிதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏரிக்கரை ஊர் ஒன்றில் குடும்ப நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அடுத்தடுத்து மூன்று இரவுகள் வந்திருந்தது. அது சின்ன மரவீடு. அங்கே போய்ச் சேர்ந்த அன்று இடியும் மழையும். வீட்டில் இடிதாங்கி இல்லை என்று பார்த்த அப்பா, தீப்பிடித்தால் என்ன செய்வது என்று வாய்விட்டே கவலைப்பட்டிருக்கிறார். கனவின் தீ அங்கிருந்து வந்தது.

மற்றவையும் அப்படித்தான். அந்த நண்பர் அவளுக்கு விலையுயர்ந்த நகைப்பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருந்தார். ஏரிக்கரையில் அவர் தகாத முறையில் பேச, அவள் அறைந்துவிட்டுப் போய்விட்டாள். அன்று பிற்பகல் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தவள் கண்விழித்தபோது அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கட்டிலருகே நிற்கும் ஆள் கனவுக்கு வந்தது இப்படி; ஆனால் கனவில் அந்த இடத்தில் அப்பா நிற்கிறார். அறையைப் பூட்டிக்கொள்ள அவள் சாவி வாங்கினாள். மறுநாள் அந்தச் சாவி காணாமல் போனது. அதன்பின் எந்த நேரமும் ஆள் உள்ளே வரலாம் என்ற பயத்தில் காலையில் பரபரவென்று உடுத்திக்கொள்வாள். கனவிலும் அதே பரபரப்பு. அப்பாவோடு ஊரைவிட்டுக் கிளம்பியதும் கனவு நின்றுவிட்டது.

ஃபிராய்டு இந்தக் கனவுக்குள் அந்த மனிதர் மேல் அவளுக்கு மறைவான காதல் இருந்தது என்று வாசித்தார். அது அவர் ஏற்றிய பொருள். கனவில் இருக்கும் சரக்கு பயமும் கோபமும் 'இங்கிருந்து போயாக வேண்டும்' என்ற முடிவும்தான். போகும்வரை கனவு திரும்பத் திரும்ப வந்தது என்பதை ஃபிராய்டே கவனித்து எழுதியிருக்கிறார். அந்தக் கவனிப்பு இன்றும் பழுதில்லாமல் நிற்கிறது.

ஆனால் ஏன் தீ? அவளைச் சுட்டது ஒரு மனிதனின் நடத்தை. இந்தக் கேள்விக்கு அமெரிக்க மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன் சொன்ன விடை எளிமையானது. கனவில் உணர்ச்சிதான் முதலில் வருகிறது. படம் பிறகு வருகிறது. மனத்தில் ஓங்கி நிற்கும் உணர்ச்சி, தன் அளவுக்குப் பொருந்தும் படத்தை நினைவுக் கிடங்கில் தேடி எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் உண்மையான தீ விபத்தில் தப்பியவர்கள்கூடச் சில நாட்களில் கடல் பொங்கி வந்து தங்களை அடித்துச் செல்வதாகக் கனவு காண்கிறார்கள். அவர்கள் பட்டது தீ. ஆனால் மிச்சமிருக்கும் உணர்ச்சி 'தப்ப வழியில்லை' என்பது. அதற்குப் பேரலையும் ஒன்றுதான், தீயும் ஒன்றுதான்.

கோபத்துக்குத் தீ அகப்படுவதில் தமிழனுக்கு வியப்பு இருக்காது. எரிச்சல், கொதிப்பு, வயிற்றெரிச்சல், 'பற்றிக்கொண்டு வருகிறது' என்று பகல் முழுக்க நாம் நெருப்பு மொழியில்தான் கோபப்படுகிறோம். இரவில் மூளை அதையே காட்சியாக்குகிறது. அடுப்பங்கரைக் கனலில் கைகாய்ச்சும் கனவும் இதே விதிப்படிதான்: அங்கே உணர்ச்சி பாதுகாப்பு, கூடவே அடுப்பைச் சுற்றியிருந்த ஆட்களின் நினைவு. ஆகவே 'தீயைக் கண்டால் இன்ன பலன்' என்று ஒரே வரியில் சொல்லும் கனவுப் பலன் பட்டியல் உதவாது. தீ எவ்வளவு பெரிது என்பதைவிட, அதன் முன்னே நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்பதே தகவல்.

இது நடக்கும் நேரமும் இடமும் ஓரளவு தெரியும். தெளிவான கதைக்கனவுகள் பெரும்பாலும் ரெம் உறக்கத்தில் வருகின்றன. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டம் அது. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். இரவின் தொடக்கத்தில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியல் நெருங்க நெருங்க நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அந்த நேரத்தில் கனவு நீளம், விழிப்பும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் நினைவில் தங்குகிறது. ரெம் கட்டத்தில் பயத்தையும் கோபத்தையும் கையாளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி சுறுசுறுப்பாக இருக்கும். 'இது நடக்கக்கூடியதா?' என்று சரிபார்க்கும் மூளையின் முன்பகுதி அடங்கியிருக்கும். வீட்டில் நீலத்தீ எரிந்தாலும், இறந்துபோன பாட்டி வந்து அந்தத் தீயை அணைத்தாலும் கனவில் நாம் கேள்வி கேட்காததற்குக் காரணம் இதுதான்.

எல்லாத் தீக்கனவும் மனத்திலிருந்தே வருவதில்லை. காய்ச்சல் நேரத்துக் கனவுகள் வழக்கத்தைவிட விசித்திரமாகவும் பயமாகவும் இருக்கும்; சூடு நேரடியாகவே உள்ளே வந்துவிடும். இதில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்விழித்ததும் ஒவ்வொரு முறையும் புகை வாசம் வந்ததாக டோரா பிறகு சொன்னாள். அதைக் கேட்டு, 'தீப்பிடித்தால் மூக்கு எழுப்பிவிடும்' என்று யாரும் நம்பிவிடக் கூடாது. 2004-இல் ஆய்வாளர்கள் கார்ஸ்கடனும் ஹெர்ஸும் வெளியிட்ட சோதனையில், உறங்குபவர்களுக்குக் கருகல் நெடியுள்ள பிரிடின் வேதிப்பொருளை முகரக் கொடுத்தார்கள். ஆழ்ந்த உறக்கத்தில் யாரும் அதற்கு அசையவில்லை; ரெம் உறக்கத்திலும் நம்பும்படியாக எழவில்லை. ஒலிக்குத்தான் எழுந்தார்கள். ஆகவே தீக்கனவிலிருந்து விழித்தால் ஒருமுறை எழுந்து அடுப்பையும் பிளக் பாயிண்டுகளையும் பார்த்துவிட்டுப் படுங்கள். ஆனால் காவலுக்கு மூக்கை நம்பாதீர்கள். அதற்குக் கத்தும் புகை அலாரம்தான் வேண்டும்.

இனி, தீ சுத்தம் செய்கிறது என்ற எண்ணத்துக்கு வருவோம். போகியன்று பழையதை எரிப்பதுபோல, எரிகிற கனவு மனத்தில் இருந்ததை எரித்துத் தீர்த்துவிடுமா? சில கனவுகள் தீர்க்கின்றன, சில தீர்ப்பதில்லை. ரெம் உறக்கத்தில் பதற்றத்தின் வேதிப்பொருளான நார்அட்ரினலின் மூளையில் மிகவும் குறைந்துபோகிறது. கசப்பான நினைவு மறுபடி மேலே வருகிறது; ஆனால் உடம்பு பழைய அளவுக்குத் துடிப்பதில்லை. அதே நினைவு இப்படிப் பல இரவுகள் வந்துபோக, சம்பவம் நினைவில் நின்று அதன் சூடு குறைகிறது என்பது ஒரு கருதுகோள். உறக்க ஆய்வாளர் ரோசலிண்ட் கார்ட்ரைட், விவாகரத்தால் மனம் சோர்ந்திருந்தவர்களை உறக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார். பிரிந்த துணையைக் கனவில் கண்டவர்கள் பின்னாளில் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

கொடுங்கனவில் இந்த ஏற்பாடு பாதியில் அறுந்துவிடுகிறது. தீ நெருங்கும் கணத்தில் அலறி எழுந்துவிடுவதால், நினைவு ஆறுவதற்கு முன்பே கதவு சாத்தப்படுகிறது. மறுநாள் அதே இடத்திலிருந்து அதே கதை. வேலை நடக்கிறதா, நின்றுவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கனவு மாறுகிறதா என்று பாருங்கள். தீ விபத்துக்குப் பின் முதலில் அதே அறை, அதே தீ. பிறகு தீ வேறு வீட்டில் எரிகிறது. பிறகு தீக்குப் பதில் வெள்ளம். கூடவே பழைய நண்பர்கள், பள்ளிக்கூடம், சம்பந்தமில்லாத சாமான்கள். இப்படிக் கலப்படம் கூடினால் ஆறுகிறது என்று பொருள். வாரக்கணக்காக ஒரு கதவுகூட மாறாமல் அச்சு எடுத்ததுபோல் வந்தால் சிக்கிக்கொண்டது என்று பொருள்.

சிக்கிய கனவை விழித்திருக்கும்போதே திருத்தலாம். கற்பனை ஒத்திகை என்பது அந்த முறை. மருத்துவர் பேரி க்ராக்கோவின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு உள்ளான 168 பெண்கள் கலந்துகொண்டார்கள். மூன்று அமர்வுகளில் இதைக் கற்றவர்களுக்கு, கல்லாதவர்களைவிடக் கொடுங்கனவுகள் நன்றாகக் குறைந்தன.

ஒருவருக்கு இப்படி ஒரு கனவு என்று வைத்துக்கொள்வோம்: சமையலறையில் தீ, உள்ளே குழந்தை, கதவுத் தாழ்ப்பாள் சூடேறித் திறக்க மறுக்கிறது, அங்கேயே விழிப்பு. பகலில், படுக்கைக்கு வெளியே உட்கார்ந்து கனவை நிகழ்காலத்தில் எழுத வேண்டும். பிறகு ஏதாவது ஓரிடத்தில் மாற்ற வேண்டும். எதை மாற்றுவது என்பது அவர் விருப்பம். நம்பும்படியாக இருக்க வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. தாழ்ப்பாள் குளிர்ந்திருக்கலாம். அறைக்கு இன்னொரு வாசல் இருக்கலாம். தீ சுருங்கி அடுப்புக்குள் போய், குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பால் காய்வதைப் பார்க்கலாம். புதிய கதையை மட்டும் எழுதிவைத்து, தினமும் 10 முதல் 20 நிமிடம் கண்மூடி அதைக் காட்சியாக ஓட்ட வேண்டும். பழையதைத் திரும்ப ஓட்டக் கூடாது.

பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மிகக் கொடிய கனவையே முதலில் எடுத்தால் எழுதும்போதே பதற்றம் தலைக்கேறிவிடும். அதனால் சின்னக் கனவில் தொடங்க வேண்டும், வாரத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் கூடாது. இன்னொன்று, மாற்றிய கதையில் சண்டையை மேலும் பெரிதாக்குவது. தீ வைத்தவனைத் தேடிப்பிடித்து அடிக்கும் கதையை ஓட்டினால், படுக்கப்போகும் நேரத்தில் கோபம்தான் ஒத்திகை பெறும். உண்மையான விபத்துக்குப் பிறகு பகலிலும் அந்தக் காட்சி கண்முன் வந்தால், தூங்கவே பயந்தால், இதைத் தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவரிடம் போவதே சரி.

டோராவின் கனவு வியன்னாவில் திரும்பி வந்ததற்கும் பகல் காரணம் இருந்தது. இரவில் அம்மா சாப்பாட்டறையைப் பூட்டிவிடுவாள். அண்ணன் அறைக்கு வேறு வழியில்லை. இரவில் ஏதாவது நடந்தால் வெளியே வர வேண்டாமா என்று அப்பா சத்தம் போட்டிருந்தார். பழைய பூட்டு, பழைய பயம். ஆனால் அதற்குள் இன்னொன்றும் சேர்ந்திருந்தது: ஏரிக்கரையில் நடந்ததை அவள் சொன்னபோது அந்த நண்பர் மறுத்தார், அப்பாவும் அவர் பேச்சையே நம்பினார். கனவில் தீயிலிருந்து காப்பாற்ற வந்து நின்றவர் அந்த அப்பாதான். 1900 டிசம்பர் 31-ஆம் தேதி அவள் ஃபிராய்டிடமும் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.