தட்டை வாங்கும் முன் சோப்பு: பள்ளியில் கை கழுவ என்ன கிடைக்க வேண்டும், எப்படிச் சொல்லிக்கொடுப்பது

மதியம் சத்துணவு மணி அடித்ததும் ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளியின் குழாயடியில் போய் நின்று பாருங்கள். பிள்ளைகள் கை கழுவத்தான் செய்கிறார்கள். ஆனால் இடது கையில் தட்டு இருக்கும். வலது கையை மட்டும் தண்ணீரில் நீட்டி, விரல் நுனியை நனைத்து, டிரவுசரிலோ பாவாடையிலோ துடைத்துக்கொண்டு வரிசைக்கு ஓடிவிடுவார்கள். சோப்பு எங்கே என்று கேட்டால், தலைமை ஆசிரியர் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கும்.

கை கழுவும் பாடம் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள் என்பதால் அன்றைக்கு ஊர்வலம்கூட உண்டு. பாடம் பலிக்காமல் போவது பெரும்பாலும் இந்தத் தட்டாலும் டிராயராலும்தான். அதனால் பள்ளி என்ன தர வேண்டும் என்பதையும் பாடத்தை எப்படி நடத்துவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சேர்வராயன் மலையில் 28 பிள்ளைகள் படிக்கும் ஓர் ஈராசிரியர் பள்ளியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஏற்காட்டைச் சுற்றி காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இப்படிச் சின்னப் பள்ளிகள் உண்டு.

முதலில் சட்டம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பள்ளியில் மதிய உணவு தருவதைப் பிள்ளைகளின் உரிமை ஆக்கியது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, உணவு தரும் ஒவ்வொரு பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சமைக்க வசதி, குடிநீர், சுகாதார வசதி மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. 2014இல் தொடங்கிய தூய்மைப் பள்ளித் திட்டம் இதை இன்னும் பிரித்துச் சொல்கிறது. ஒரே நேரத்தில் 10 முதல் 12 பிள்ளைகள் கை கழுவும்படி இடம் வேண்டும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது அதன் விதி. தமிழ்நாட்டில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவும் இருப்பதால் ஒரு நாளைக்கு இரண்டு முறை இந்த வரிசை வரும்.

சோப்புக்குக் காசு? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்குச் செலவாக வேண்டும். நம் பள்ளிக்கு அது 1,000 ரூபாய். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், அதாவது 40 வாரம். வாரத்துக்கு ஒரு சோப்பு, விலை 20 ரூபாய் என்று வைத்தால் 800 ரூபாயில் ஆண்டு முழுக்க ஓடிவிடும். விளக்குமாறு, பினாயில் எல்லாம் இதே பணத்தில்தான் என்பது உண்மை. ஆனாலும் சோப்பு வாங்க நிதி இல்லை என்ற பேச்சு செல்லாது.

சரி, இனி பாடம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிருமி என்றால் நம்ப முடியாத சங்கதி, கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளைக் குழைத்துக்கொள்ளுங்கள். கையில் புண் இல்லாத மூன்று பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு, உள்ளங்கை, புறங்கை, நகம் என்று எல்லா இடத்திலும் இதைத் தடவுங்கள். முதல் பிள்ளை வழக்கம்போல் இடது கையில் தட்டோடு, வலது கையை மட்டும் கழுவட்டும். இரண்டாவது பிள்ளை இரண்டு கையையும் வெறும் தண்ணீரில் கழுவட்டும். மூன்றாவது பிள்ளை இரண்டு கையிலும் சோப்புத் தேய்த்துக் கழுவட்டும். அப்புறம் மூவரின் கையையும் ஈரமான வெள்ளைத் துணியில் துடைத்து, துணியை வகுப்புக்குக் காட்டுங்கள்.

வெறும் தண்ணீரில் எண்ணெய் போகாது. துணியில் மஞ்சள் அப்படியே இறங்கும். தட்டுப் பிடித்த பிள்ளையின் இடது கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தட்டின் விளிம்பிலும் மஞ்சள் இருக்கும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். சோப்புப் போட்டவனின் துணி கிட்டத்தட்ட வெளுப்பாக இருக்கும். மிச்சம் இருந்தால் அது கட்டைவிரலைச் சுற்றியும் நகக்கண்ணிலும்தான். பெரியவர்களும் கழுவ விட்டுவிடும் இடங்கள் அவை.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கும், தெரியாமல் செய்தால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். கட்டி சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவந்துவிடும். சோப்பில் இருக்கும் காரத்தன்மைதான் காரணம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்கும நிறம் வருவதும் இதனால்தான். ‘ரத்தம் டீச்சர்’ என்று யாராவது கத்தும் முன் சொல்லிவிடுங்கள். திரவக் கைகழுவியில் காரம் குறைவு என்பதால் இவ்வளவு சிவக்காது. இன்னொன்று, எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் தோலில் லேசான மஞ்சள் கறை நிற்கும். அதனால் தோலின் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் துணியைப் பாருங்கள். மஞ்சள் கிருமி அல்ல, கிருமி உட்காரும் இடத்தைக் காட்டும் அடையாளம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் ‘மஞ்சள் அழுக்கு’ என்று குழம்பைத் தள்ளிவைப்பார்கள்.

அடுத்து பாட்டு. நுரை வந்த பிறகு 20 வினாடி தேய்க்க வேண்டும். ஆறு வயசுக் குழந்தைக்கு 20 வினாடி என்றால் என்னவென்று தெரியாது. பாட்டுதான் அதற்குக் கடிகாரம். பாட்டு வரிசையே தேய்க்கும் வரிசையாகவும் இருந்தால் கையும் மறக்காது.

உள்ளங்கை ரெண்டும் உரசு உரசு
புறங்கை மேலே தடவு தடவு
விரலுக்கு நடுவே நுழை நுழை
கட்டைவிரலைத் திருகு திருகு
நகத்தைக் கையில் கிளறு கிளறு
மணிக்கட்டு வரைக்கும் சுத்து சுத்து
குழாயைத் திற, நுரையே போ!

நிதானமாகப் பாடினால் ஒரு வரிக்கு மூன்று வினாடிக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஆறு வரிக்கு 20 வினாடி சரியாக இருக்கும். பசி நேரத்தில் பிள்ளைகள் பத்தே வினாடியில் பாடி முடித்துவிடுவார்கள். முதல் வாரம் கடிகார முள்ளைப் பார்த்தபடி ஆசிரியரே கூடப் பாடித் தாளம் பிடித்துக்கொடுக்க வேண்டும். பாட்டும் செயலுமாகச் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் வகுப்பு எடுப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஐந்தாவது வரிக்கு மட்டும் செய்து காட்டுங்கள்: ஒரு கை விரல் நுனிகளைக் குவித்து மறு உள்ளங்கையில் வைத்துக் கிளறுவது. வாயில் சொன்னால் புரியாது.

பாட்டை எங்கே நின்று பாடுவது என்பதில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது. நம் பள்ளியில் ஒரே குழாய் என்று வைப்போம். ஒவ்வொரு பிள்ளையும் குழாயடியிலேயே நின்று பாடி முடித்தால் ஆளுக்கு 40 வினாடி, 28 பேருக்கு ஏறத்தாழ 19 நிமிடம். சோறு ஆறிவிடும், வரிசை கலைந்துவிடும், மூன்றாம் நாள் பாடமே கைவிடப்படும். அதற்குப் பதிலாக, நனைத்து சோப்புத் தொட்டதும் குழாயை விட்டு நகர்ந்துவிட வேண்டும். நனைக்க 5 வினாடி. எட்டெட்டுப் பேராகக் கொஞ்சம் தள்ளி வட்டமாக நின்று பாடட்டும், அதற்குள் அடுத்த கூட்டம் நனைத்துக்கொள்ளலாம். பிறகு அலச 10 வினாடி. ஆக குழாய் ஒரு பிள்ளைக்கு 15 வினாடிதான் ஓடுகிறது, 28 பேருக்கு 7 நிமிடம். பாடும்போது குழாய் மூடியிருப்பதால் கோடையில் தண்ணீரும் மிச்சம். தட்டுகளை உள்ளேயே அடுக்கி வைத்துவிட்டு, கழுவிய கையோடு வந்து வாங்கச் சொன்னால் இரண்டு கையும் தானாகவே கழுவப்படும். எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவில்லாத சீர்திருத்தம் வேறில்லை.

மலைக்கென்று சில தொல்லைகள் உண்டு. மார்கழி, தை மாதங்களில் காலை உணவு நேரத்துத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், பிள்ளைகள் கையை நீட்டவே யோசிப்பார்கள். வெந்நீர் தேவையில்லை. வேலையைச் செய்வது சோப்பும் தேய்ப்பும்தான், சூடு அல்ல. அலசும் பத்து வினாடியைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெளியே வைத்த சோப்பைக் குரங்கு தூக்கிப்போகும், காக்கை கொத்தும். அதனால்தான் சோப்பு டிராயருக்குப் போகிறது. வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு, வேளை வந்ததும் குழாயில் மாட்டி, முடிந்ததும் எடுத்து வைக்கும் பொறுப்பை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்குக் கொடுங்கள். வலைப்பையிலேயே தேய்த்துக்கொள்ளலாம், சோப்பும் ஊறிக் கரையாது. கழுவிய கையைப் பொதுத் துண்டில் துடைப்பது கழுவாததற்குச் சமம். உதறிக் காயவைத்தால் போதும்.

இனி சோதனை. ‘கை கழுவினீங்களா?’ என்று கேட்டால் ‘கழுவினோம் டீச்சர்’ என்றுதான் பதில் வரும். கேட்காமல் பாருங்கள். பாடம் முடிந்து ஒரு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், ஓரமாக நின்று பத்துப் பிள்ளைகளைக் கவனியுங்கள். தாளில் மூன்று கட்டம்: இரண்டு கையும் கழுவினானா, சோப்புத் தொட்டானா, கட்டைவிரலும் நகமும் தேய்த்தானா. ஒரு பிள்ளைக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. பெயர் எழுத வேண்டாம், திட்டவும் வேண்டாம். பத்தில் 9, 8, 3 என்று வந்தால் பாடம் ஏறிவிட்டது, பாட்டின் நான்காம் ஐந்தாம் வரிகளை மட்டும் திரும்பப் பழக்குங்கள். 9, 2, 1 என்று வந்தால் பிள்ளைகளைக் குறை சொல்லாமல் சோப்பு எங்கே தொங்குகிறது என்று பாருங்கள், உயரம் எட்டாமல் இருக்கலாம். முதல் எண்ணே குறைந்தால் தட்டு மறுபடி கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பெற்றோருக்கும் ஒரு சோதனை உண்டு, இன்னும் சுலபம். சோப்பு தேய்கிறதா என்று பாருங்கள். 28 பிள்ளைகள் நாளைக்கு இரண்டு முறை கழுவும் பள்ளியில் ஒரே சோப்பு மாதக்கணக்கில் புதுக்கருக்கு மாறாமல் இருந்தால், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் கை கழுவப்படவில்லை.

குழாயோ சோப்போ இல்லையென்றால் முதலில் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான், மானியச் செலவைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வாயால் சொல்லிவிட்டு வராமல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தொட்டி, குழாய்ப் பழுது என்றால் ஊராட்சியில் மனு. அங்கும் நகரவில்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அல்லது 14417 என்ற கல்வி உதவி எண். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100. திங்கட்கிழமைதோறும் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் உண்டு, அங்கும் மனுக் கொடுக்கலாம். அங்கன்வாடி என்றால் பணியாளரிடம் கேட்டுவிட்டு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுத வேண்டும்.

மனுவில் ‘சுகாதாரம் சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பொதுவாகவே பதில் வரும். இப்படி எழுதுங்கள்: ‘எங்கள் பள்ளியில் 28 பிள்ளைகளுக்கு ஒரே குழாய், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் உள்ளது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. உணவு நேரத்தில் சோப்பு வைப்பதில்லை. தாழ்வாகப் பல துளைக் குழாய் ஒன்றும், தூய்மைப் பங்கிலிருந்து வாரம் ஒரு சோப்பும் வழங்கக் கேட்டுக்கொள்கிறோம்.’ கீழே தேதி போட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.