இடுப்பு இறங்காமல் கால் எட்டாது

ஹட்டன் பக்கத்து வாசகர் ஒருவர், தான் செய்துவரும் கேமிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். கூடையோடு கொழுந்துக்குப் போகும் பெண், லயத்திலிருந்து மலைக்கு ஏறும் கல்படியில் நிற்கிறாள். இடது பாதம் மேல்படியில் இருக்கிறது. வலது பாதம் கீழ்ப்படியைத் தொடாமல் மிதக்கிறது. சரிவுகளில் பாதம் மண்ணுக்குள் புதைகிறதாம். ஏன் என்று கேட்கிறார்.

கேமில் அவளைத் தாங்குவது கால்கள் அல்ல, உடலைச் சுற்றியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கேப்சூல். அதன் அடி மேல்படியில் தட்டினால் போதும், அவள் நின்றுவிடுவாள். நடை அசைவோ சமதரைக்காகச் செய்தது. இரண்டு பாதங்களுக்கும் ஒரே மட்டம்தான் அதற்குத் தெரியும்.

இதற்கு மருந்து இன்வர்ஸ் கைனமெட்டிக்ஸ், சுருக்கமாக IK. பாதம் எங்கே வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, தொடையும் முழங்காலும் எவ்வளவு மடங்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவது. ஒவ்வொரு பாதத்துக்கும் முழங்கால் உயரத்திலிருந்து நேர்கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் விட்டால், அது படும் புள்ளியிலிருந்து படி எங்கே என்று தெரிந்துவிடும். அந்தப் புள்ளியோடு கணுக்கால் உயரத்தையும் கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் பாதம் கல்லுக்குள் போய்விடும்.

இதுவரை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். அப்புறமும் கால் எட்டுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அவளுடைய தொடை 45 செ.மீ., கெண்டைக்கால் 43 செ.மீ. என்று வைப்போம். சமதரையில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 86 செ.மீ. படியின் உயரம் 18. கீழ்ப்படியைத் தொட 104 செ.மீ. வேண்டும், ஆனால் முழுக்க நீட்டினாலும் கால் 88தான். முழங்கால் கோணத்துக்கு உயர்தரத்தில் படித்த கோசைன் விதியைப் போட்டால் விடை -1.79 என்று வரும். -1-ஐவிடச் சிறிய கோசைன் கிடையாது! கணக்கு `NaN`, அதாவது எண்ணே அல்லாத விடை ஆகி, காலே திரையிலிருந்து காணாமல் போகலாம். விடை -1-க்குக் கீழே போகாதபடி எல்லை கட்டி வைத்திருந்தால் கால் குச்சிபோல் விறைத்து நிற்கும்.

ஆகவே முதலில் இடுப்பை 18 செ.மீ. இறக்க வேண்டும், அதாவது அதிகம் கீழே போக வேண்டிய பாதத்தின் அளவுக்கு. இப்போது வலது காலுக்கு அதே 86 போதும். இடது காலுக்கு 68தான் மிச்சம். அதன் முழங்கால் 155 பாகையிலிருந்து ஏறத்தாழ 101 பாகைக்கு மடங்கும். படியில் நிற்கும் யாரையும் பாருங்கள், மேல்படியில் இருக்கும் முழங்கால்தான் மடங்கியிருக்கும். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் இதை `OnAnimatorIK`-க்குள் `bodyPosition`-ஐ மாற்றிச் செய்யலாம். நடை அசைவு இருக்கும் அனிமேட்டர் லேயரில் `IK Pass` டிக் செய்யாவிட்டால் அந்த ஃபங்ஷன் கூப்பிடப்படவே மாட்டாது. அது தெரியாமல் எண்களை மந்திரம்போல் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

நடக்கும்போது இன்னொரு தொல்லை. கதிர் படியின் விளிம்பைத் தாண்டும் கணத்தில் இலக்கு 18 செ.மீ. குதிக்கும், இடுப்பும் கூடவே வெட்டும். இடுப்பின் மாற்றத்தைச் சில ஃப்ரேம்களில் பரப்பிவிட்டால் வெட்டு குறையும், ஆனால் அதிகம் பரப்பினால் வேகமாக ஓடும்போது பாதம் மறுபடி மிதக்கும். நான் சொல்வது வேறு வழி. படிக்கட்டின் மேல் ஒரு சாய்தளத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் விரித்து, கேப்சூலை அதில் ஏற்றுங்கள். பாதக் கதிர்கள் மட்டும் அந்தச் சாய்தளத்தைக் கவனிக்காமல் உண்மையான கல்படிகளைத் தொடட்டும்.