கெஜூ: தேர்வா, தெரிவா?

இடைக்காலச் சீனாவில் அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த முறையைத் தமிழில் எழுத வரும்போது 'ஏகாதிபத்தியத் தேர்வு' என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் ஏகாதிபத்தியம் என்றதும் நம் மனத்துக்கு வருவது பிற நாடுகளை அடக்கி ஆளும் போக்கு. சீனத்தில் இந்த முறைக்குப் பெயர் 'கெஜூ'. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஏகாதிபத்தியமும் இல்லை, வேடிக்கையாக, தேர்வும் இல்லை.

'கெ' என்றால் வகை, பாடப்பிரிவு. அந்த எழுத்தின் ஒரு பாதி தானியத்தையும் மறுபாதி அதை அளக்கும் மரக்காலையும் குறிக்கும். அளந்து தரம் பிரிப்பதுதான் அதன் பழைய பொருள். 'ஜூ' என்றால் கையால் தூக்குவது. அதிலிருந்து ஒருவரை மேலே உயர்த்துவது, பரிந்துரைப்பது என்ற பொருள்கள் வந்தன. இரண்டும் சேர்ந்தால் 'பிரிவு வாரியாக ஆளெடுத்து உயர்த்துதல்'.

பரிந்துரை என்ற பொருள் இதற்குள் வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஹான் பேரரசுக் காலத்தில், பெற்றோரைப் பேணுபவர், கை சுத்தமானவர் என்று பெயரெடுத்தவர்களை வட்டார அதிகாரிகளே மேலிடத்துக்குப் பரிந்துரைத்தார்கள். கி.பி. 220 அளவில் ஒன்பது தர முறை வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மதிப்பீட்டாளர் ஆட்களுக்குத் தரம் போடுவார். நாளடைவில் அந்தத் தரம் ஆளுக்கு இல்லாமல் குடும்பத்துக்கு என்றாகிவிட்டது. பெரிய வீட்டுப் பிள்ளை மேல் தரம், அவ்வளவுதான். சுய் பேரரசு இதை ஒழித்தது. 'ஜின்ஷி' என்ற தேர்வுப் பிரிவு 605 வாக்கில் தொடங்கியதாக மரபாகச் சொல்வார்கள். 'முன் வைக்கத்தக்க அறிஞர்' என்று அந்தப் பட்டத்துக்குப் பொருள் சொல்லலாம்.

அடுத்து வந்த தாங் காலத்தில் தேர்வு இருந்தது, பரிந்துரையும் போகவில்லை. விடைத்தாளில் பெயர் தெரியும். அதனால் தேர்வுக்கு முன்பே தன் கவிதைகளையும் கட்டுரைகளையும் சுருளாகச் சுற்றிப் பெரிய மனிதர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். 828இல் லுவோயாங் நகரில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை இதை அப்படியே காட்டுகிறது. வூ வூலிங் என்ற அதிகாரி தேர்வாளர் சுய் யானிடம் போய், இளைஞன் டூ மூவின் பாடலைப் படித்துக் காட்டி, இவனுக்கு முதலிடம் கொடுங்கள் என்றார். முதலிடம் ஏற்கெனவே வேறொருவருக்குப் பேசி முடிந்திருந்தது. ஒவ்வொன்றாக இறங்கி வந்து ஐந்தாம் இடத்தில் பேரம் படிந்தது. பிறகு யாரோ, அவன் நடத்தை சரியில்லையே என்றபோது, வாக்குக் கொடுத்துவிட்டேன், கசாப்புக்காரனாகவே இருந்தாலும் இனி மாற்ற முடியாது என்றாராம் சுய் யான். டூ மூ பெரும் கவிஞராக நிலைத்தார் என்பது வேறு விஷயம்.

இந்தக் கதவை அடைத்தது சொங் பேரரசு. முதலில், விடைத்தாளில் பெயரும் ஊரும் இருக்கும் பகுதியை மடித்து ஒட்டினார்கள். 992இல் அரண்மனைத் தேர்வில் இது வந்தது. பிறகு படிப்படியாகக் கீழ் நிலைகளுக்கும் பரவியது. அது போதவில்லை, ஏனென்றால் கையெழுத்து ஆளைக் காட்டிக் கொடுத்தது. ஆகவே 1015இல் இதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். எழுத்தர்கள் எல்லா விடைத்தாள்களையும் படியெடுப்பார்கள், வேறு சிலர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள், தேர்வாளர் கைக்குப் போவது படி மட்டுமே. (ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு சொங் அரசவையை அடைந்ததும் இதே 1015இல்தான்.) மாவட்டம், தலைநகர், அரண்மனை என்று மூன்று நிலைகள். 1060களின் நடுப்பகுதியிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று ஒழுங்கானது.

1057ஆம் ஆண்டுத் தேர்வை எடுத்துக்கொள்வோம். தலைமைத் தேர்வாளர் ஒவ்யாங் ஷியூ. அவரையும் மற்ற ஐந்து பேரையும் வளாகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள், 50 நாள். வெளியே போக முடியாத பொழுதில் ஆறு பேரும் ஒருவர் பாட்டுக்கு ஒருவர் பதில் பாட்டு எழுதி 170க்கு மேல் சேர்த்துவிட்டார்கள் என்று அவரே பிற்பாடு குறித்திருக்கிறார். தண்டனையிலும் பரிசிலும் ஆட்சியாளர் காட்ட வேண்டிய பெருந்தன்மை பற்றி அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஒரு விடைத்தாள் ஒவ்யாங்கை அசத்திவிட்டது. ஆனால் நடையைப் பார்த்து இது தன் மாணவர் செங் கொங் எழுதியது என்று நினைத்தார். முதலிடம் கொடுத்தால் ஊர் பேசுமே என்று இரண்டாவதாக வைத்தார். ஒட்டிய மடிப்பைப் பிரித்தபோது அது சிச்சுவானிலிருந்து வந்த 20 வயது சூ ஷியினுடையது. பெயரை மறைத்தது வேலை செய்தது. தேர்வாளரின் ஊகம்தான் கெடுத்தது. அந்தக் கட்டுரையில், நீதிபதி மூன்று முறை 'கொல்' என்றும் பழங்கால மன்னர் யாவ் மூன்று முறை 'மன்னி' என்றும் சொன்னதாக ஒரு மேற்கோள் இருந்தது. எந்த நூலில் இருக்கிறது என்று பின்னர் கேட்டதற்கு, அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைத்தேன் என்றாராம் சூ ஷி.

அதே தேர்வில், அப்போது மாணவர்களிடையே பரவியிருந்த கரடுமுரடான நடையில் எழுதியவர்களை ஒவ்யாங் கழித்துக்கட்டினார். தோற்றவர்கள் தெருவில் அவரை மறித்துக் கூச்சல் போட்டார்கள். அடுத்த தலைமுறை எந்த நடையில் எழுதப் பழகும் என்பதை ஒரு தேர்வாளரின் ரசனை திருப்பிவிட முடிந்தது. இந்த முறையின் உண்மையான வலிமை இங்கேதான் தெரிகிறது என்பேன்.

சமூகத்திலும் இதன் தடம் ஆழமானது. முடிவுப் பட்டியல் ஒட்டும் நாளில் தலைநகரின் செல்வந்தர்கள் வண்டியோடு வந்து, தேறிய இளைஞர்களை மருமகனாக்கிக்கொள்ள வளைத்துப் பிடிப்பார்கள். 'பட்டியலின் கீழே மாப்பிள்ளை பிடித்தல்' என்றே இதற்குத் தொடர் உண்டு. சொங் காலத்தின் கடைசியில் மாவட்டத் தேர்வு எழுதியவர்கள் சுமார் 4 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதில் ஜின்ஷி ஆனவர்கள் ஒவ்வொரு முறையும் சில நூறு பேரே. மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும், வைத்தியம் பார்த்தும், பிறருக்கு மனு எழுதிக் கொடுத்தும் பிழைத்தார்கள். பதவி இல்லாத, ஆனால் அதே நூல்களைக் கரைத்துக் குடித்த ஒரு கூட்டம் ஊரெங்கும் உருவானது.

எல்லோருக்கும் திறந்த கதவு என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. பெண்களுக்கு இடமே இல்லை. உயர் அதிகாரிகளின் மகன்களுக்குத் தேர்வில்லாமல் பதவி கிடைக்கும் சலுகை தொடர்ந்தது. 1148, 1256 ஆண்டுகளின் பட்டியல்கள் முழுமையாகக் கிடைத்திருக்கின்றன. தேறியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தந்தை, பாட்டன், பூட்டன் யாரும் அதிகாரி அல்ல. புதுக் குடும்பங்கள் நுழைந்ததற்கு இது சான்று என்றார்கள் சிலர். பெரியப்பா, சித்தப்பா, மாமனார் யார் என்று பார்த்தீர்களா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? எழுதும் தேர்வை மட்டும் குறிக்கும்போது 'பேரரசுத் தேர்வு' போதும். முழு அமைப்பையும் குறிக்க 'பணித்தெரிவு முறை' எனக்குப் பிடிக்கிறது. ஆளைத் தெரிந்து வேலையில் வைப்பதைக் குறள் 'தெரிந்து வினையாடல்' என்கிறது. 'ஜூ' என்பதன் பொருளுக்குத் 'தெரிவு' பக்கத்தில் நிற்கிறது. முதல் முறை கெஜூ என்ற மூலச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

தேறி வந்த அதிகாரிகளைக் குறிக்கும் 'மாண்டரின்' சீனச் சொல்லே அல்ல. வடமொழியின் மந்த்ரின் மலாயில் மெந்தெரியாகி, போர்த்துகீசியர் வாயில் மாண்டரினானது. நம் மந்திரியும் அதே வேர். அதற்காக ஜின்ஷியை மந்திரி என்று பெயர்த்துவிட வேண்டாம். அவர்களில் பெரும்பாலோர் முதலில் போய் உட்கார்ந்தது ஏதோ ஒரு சிற்றூர் அலுவலகத்தில், வரிக் கணக்கும் வழக்கும் பார்க்கும் வேலையில்தான்.