பஃபர் என்பது ‘பாதுகாப்பு இருப்பு’ அல்ல, தாங்கல்

உற்பத்தி மேலாண்மை பற்றித் தமிழில் வரும் பயிற்சிக் குறிப்புகளில் ‘பஃபர் மேனேஜ்மென்ட்’ என்பதைப் ‘பாதுகாப்பு இருப்பு மேலாண்மை’ என்று எழுதுகிறார்கள். அண்மையில் ஒரு குறிப்பில் அதற்கு விளக்கம் வேறு கொடுத்திருந்தார்கள்: ‘ஒவ்வொரு இயந்திரத்துக்கு முன்னும் போதிய சரக்கை இருப்பில் வைத்தல்’. இது மொழிபெயர்ப்புப் பிழையோடு நிற்கவில்லை. கருத்தே தலைகீழாகிவிட்டது.

சொல்லின் பிறப்பை முதலில் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ‘பஃப்’ என்பது மெத்தென்ற பொருளின் மேல் அடி விழும் ஓசையைக் குறித்த பழஞ்சொல். அடியை வாங்கிக்கொள்வது பஃபர். 19ஆம் நூற்றாண்டில் ரயில் பெட்டிகளின் முனையில் மோதலைத் தாங்கும் உறுப்புக்கு அந்தப் பெயர் வந்தது. அங்கிருந்து வேதியியல், கணினி என்று பரவியது. தொழிற்சாலைக்குள் நாம் பேசும் பொருளில் அதைக் கொண்டுவந்தவர் இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட். 1984இல் வந்த ‘தி கோல்’ என்ற நாவல் வழியாகத்தான் அவருடைய ‘தியரி ஆஃப் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’ என்ற கோட்பாடு பரவலாகத் தெரியவந்தது.

சரி, கருத்து என்ன? ஒரு தொழிற்சாலையின் மொத்த உற்பத்தியை அதன் மிக மெதுவான கட்டம்தான் தீர்மானிக்கிறது. அந்த இயந்திரம் ஒரு மணி நேரம் சும்மா நின்றால் ஆலை முழுவதும் ஒரு மணி நேர உற்பத்தியை இழக்கிறது. ஆகவே அதற்கு முன்னால் மட்டும் எப்போதும் வேலை காத்திருக்க வேண்டும். மற்ற இயந்திரங்கள் அவ்வப்போது நின்றால் குற்றமில்லை, அவற்றுக்கு வேகம் மிச்சமிருக்கிறது, பிறகு பிடித்துவிடும். அவற்றுக்கு இடையிலும் சரக்கைக் குவித்தால் பணம் முடங்கும், அவசர ஆர்டர் அந்தக் குவியலுக்குள் தொலையும்.

ஒரு பற்சக்கரப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். இரும்புக் கம்பியை அறுத்து, லேத்தில் கடைந்து, ஹாபிங் மெஷினில் பல் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் முடித்து அனுப்புகிறார்கள். லேத்தில் ஒரு சக்கரத்துக்கு 10 நிமிடம், ஹாபிங்கில் 20 நிமிடம். ஹாபிங்தான் பாட்டில்நெக், நம் சொல்லில் இடுக்கு. இரண்டு ஷிஃப்டில் 16 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 48 சக்கரங்கள். இங்கே தாங்கல் 3 நாள் என்று வைக்கிறோம். அதாவது வியாழக்கிழமை காலை ஹாபிங்கில் ஏற வேண்டிய லாட்டுக்கு, திங்கட்கிழமை காலையே கம்பியை வெட்ட விடுகிறோம். அதற்கு முன் விடுவதில்லை, லேத்காரர் கை சும்மா இருந்தாலும் சரி. அறுப்பும் கடைசலும் வழக்கமாக ஒரு நாளில் முடியும். ஆக, ஹாபிங்குக்கு முன்னால் சராசரியாக இரண்டு நாள் வேலை காத்திருக்கும்.

அந்த 3 நாளை மூன்றாகப் பிரிப்பார்கள். திங்களன்று லாட் வந்து சேரவில்லை என்றால் அது பச்சை, ஒன்றும் செய்ய வேண்டாம். செவ்வாயன்றும் வரவில்லை என்றால் மஞ்சள், எங்கே நிற்கிறது என்று விசாரிக்க வேண்டும். புதனன்றும் வரவில்லை என்றால் சிவப்பு, ஆளை அனுப்பி முன்னுரிமை கொடுத்து இழுத்து வர வேண்டும். சிவப்புக்குப் போன ஒவ்வொரு லாட்டுக்கும் காரணத்தை எழுதி வைப்பார்கள். சில வாரம் கழித்து அந்தப் பட்டியலைப் புரட்டினால், பாதிக்கு மேல் ரம்பப் பிளேடு தேய்ந்து மாற்றக் காத்திருந்ததுதான் காரணம் என்பது போல ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். பத்துக்கு ஒன்றுக்கு மேல் சிவப்புக்குப் போனால் தாங்கல் போதவில்லை, எதுவுமே போகவில்லை என்றால் தாங்கல் அதிகம் என்பது நடைமுறைக் கைக்கணக்கு. இந்தக் கவனிப்புத்தான் பஃபர் மேனேஜ்மென்ட். சரக்கை அடுக்கி வைப்பது அதில் சிறு பகுதி.

இப்போது ‘பாதுகாப்பு இருப்பு’ என்ற சொல்லுக்கு வருவோம். முதல் குறை, அது ஏற்கெனவே வேறொன்றின் பெயர். தேவை திடீரென ஏறினாலோ சப்ளையர் தாமதித்தாலோ கைகொடுக்க, ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்டோரில் வைக்கும் ‘சேஃப்டி ஸ்டாக்’ அது. அந்தப் பெயரை இதற்கும் சூட்டினால், படிப்பவர் எல்லா இடத்திலும் சரக்கு வைக்கத்தான் செய்வார். நான் சொன்ன குறிப்பில் நடந்ததும் அதுதான்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ‘இருப்பு’ என்றதும் நம் கை எண்ணிக்கைக்குப் போகிறது. மேலே சொன்ன பட்டறையில் இரண்டு நாள் வேலை என்பது 96 சக்கரம். போர்டில் ‘பாதுகாப்பு இருப்பு 96’ என்று எழுதி வைத்தாயிற்று. அடுத்த மாதம் பெரிய சக்கரம் வருகிறது, ஒன்றுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. இப்போது 96 என்பது ஆறு நாள் வேலை. தேவைக்கு மூன்று மடங்கு குவிகிறது. அப்புறம் 5 நிமிடத்தில் முடியும் சின்னச் சக்கரம் வருகிறது. 96ம் எட்டே மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ரம்பம் ஒரு நாள் படுத்தால் ஹாபிங் நின்றுபோகும். போர்டில் இருக்கும் எண் மாறவில்லை, காப்பு மட்டும் போய்விட்டது. இடுக்கைக் காப்பது காலம், கண்ணில் தெரியும் சரக்கு அதன் விளைவு. அந்தக் காலத்தைத்தான் ‘இருப்பு’ என்ற சொல் மறைத்துவிடுகிறது.

‘இடையகம்’ என்று கணினித் தமிழிலிருந்து எடுத்து எழுதுவோரும் உண்டு. கணினியில் அது பொருந்தலாம். இங்கே ‘இடை’ என்ற பகுதிதான் கெடுக்கிறது. எந்த இரண்டு இயந்திரத்துக்கும் இடையில் என்று அது சொல்லாமல் சொல்கிறது. இந்த முறை வேண்டாம் என்று ஒதுக்கியதே அதைத்தான்.

‘தாங்கல்’ பாடநூல்களில் நன்றாகப் பழகிய சொல். கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் தன் pH மதிப்பை விட்டுக்கொடுக்காத கரைசலைத் தாங்கல் கரைசல் என்றுதான் பள்ளியில் படித்தோம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்ற ஊர்ப்பெயர்களில் தாங்கல் என்பது நீரைப் பிடித்து வைக்கும் சிறு நீர்நிலை. பின்னால் வரும் பாசனத்துக்காக, ஓர் இடத்தில், அளவாக. மனத்தாங்கலோடு குழம்பும் என்று யாராவது சொன்னால், பட்டறையில் நின்றுகொண்டு அப்படிக் குழம்புபவர் யார் என்று கேட்கிறேன்.

இந்தத் துறையில் கெட்ட சொல் இது ஒன்றுதான் என்றும் இல்லை. கோட்பாட்டின் பெயரையே ‘கட்டுப்பாடுகளின் கோட்பாடு’ என்கிறார்கள். கட்டுப்பாடு என்றால் நாம் செலுத்துவது, இங்கே பேசப்படுவது ஆலையின் வேகத்துக்கு எல்லை வகுக்கும் கட்டம். ‘வரம்புக் கோட்பாடு’ என்றால் யாருக்கும் புரியும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடாமல், மொழிபெயர்ப்பவர் ஒரு முறை பட்டறைக்குள் போய்ப் பார்த்திருந்தாலே இது நேர்ந்திருக்காது.

‘இருப்பு’ என்றே எழுதுவேன் என்று இன்னும் பிடிவாதமாக இருப்பவருக்கு ஒரு கேள்வி. ஹாபிங்குக்குப் பின்னாலும் ஒரு தாங்கல் வைப்பது வழக்கம். அடுத்த கட்டத்து ஃபர்னஸ் பழுதானாலும், வெட்டிய சக்கரங்களை இறக்கி வைக்க இடமில்லாமல் ஹாபிங் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத் தரையில் கோடு போட்டுக் காலியாக விடும் இடம் அது. அங்கே ஒரு சக்கரமும் இருக்காது, இருக்கவும் கூடாது. அதை எந்த இருப்பில் சேர்ப்பீர்கள்?