அறிக்கை சொல்வதை அட்டவணை சொல்கிறதா?

2014-ஆம் ஆண்டின் நடுவில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், அமெரிக்க நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளைப் பற்றிய செய்திகளை மென்பொருளை வைத்தே எழுதத் தொடங்கியது. நிருபர்கள் கையால் எழுதியபோது காலாண்டுக்குச் சுமார் 300 செய்திகள்தான் முடிந்தன. மென்பொருள் வந்த பிறகு அது 3,000-ஐத் தாண்டியது. இன்று வங்கிக் கிளை முதல் பள்ளி நிர்வாகம் வரை, எண்களை உள்ளே கொடுத்தால் பத்தி வெளியே வரும் ஏற்பாடுகள் பரவிவிட்டன. அன்றைய மென்பொருள் முன்கூட்டி எழுதிவைத்த வாக்கியங்களில் எண்களைப் பொருத்தியது. இன்றைய மொழி மாதிரிகள் வாக்கியத்தையே புதிதாக உண்டாக்குகின்றன. அதனால் எழுதியது சரிதானா என்று பார்க்கும் வேலை முன்பைவிடக் கடினமாகிவிட்டது.

அந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்பதை ஒரு சிறிய எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கீழே இருப்பது ஒரு கற்பனை நிறுவனத்தின் முடிவு. தொகைகள் லட்சம் ரூபாயில்.

| | இந்தக் காலாண்டு | முந்தைய காலாண்டு | சென்ற ஆண்டு இதே காலாண்டு |
|---|---|---|---|
| விற்பனை | 4,620 | 4,750 | 4,200 |
| செயல்பாட்டு லாப விகிதம் (%) | 18.4 | 18.1 | 16.9 |
| நிகர லாபம் | 510 | 380 | (60) |

இதைப் படித்த மென்பொருள் இப்படி எழுதியது என்று வைத்துக்கொள்வோம்: “விற்பனை சென்ற ஆண்டைவிட 10% உயர்ந்து 46.2 கோடி ரூபாயானது. செயல்பாட்டு லாப விகிதம் 1.5% கூடியது. நிகர லாபம் 750% எகிறியது. புதிய கிளைகளின் பலத்தால் விற்பனை தொடர்ந்து வளர்ந்துவருகிறது.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதைச் சரிபார்க்கச் சொன்னால் பலருக்கும் முதலில் தோன்றும் வழி, பத்தியில் உள்ள ஒவ்வொரு எண்ணும் அட்டவணையில் இருக்கிறதா என்று தேடுவது. அந்த வழி இங்கே உதவாது. 46.2 என்ற எண் அட்டவணையில் எங்குமே இல்லை, ஆனாலும் 4,620 லட்சம் என்பது 46.2 கோடிதான். மாறாக, மென்பொருள் “4,620 கோடி” என்று எழுதியிருந்தால் தேடல் அந்த எண்ணைக் கண்டுபிடித்துச் சரி என்று சொல்லிவிடும். உண்மையில் தொகை நூறு மடங்கு ஊதிப் போயிருக்கும். எண்ணைத் தேடுவது சரியானதைத் தள்ளுகிறது, தவறானதை விட்டுவிடுகிறது.

ஆகவே ஒப்பிட வேண்டியது எண்ணை அல்ல, கூற்றை. ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை கூற்றுகள் இருக்கின்றன என்று முதலில் பிரிக்க வேண்டும். எடுத்துக்காட்டின் முதல் வாக்கியத்தில் இரண்டு உள்ளன: விற்பனையின் தொகை, விற்பனையின் உயர்வு. பிறகு ஒவ்வொரு கூற்றுக்கும் சில கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். எந்த அளவீடு, எந்தக் காலம், எதனோடு ஒப்பீடு, எந்த அலகு, என்ன கணக்கு? “சென்ற ஆண்டைவிட 10% உயர்ந்து” என்ற சொற்களுக்கு விற்பனை வரிசையின் முதல் கட்டமும் மூன்றாவது கட்டமும் வேண்டும். 4,620-ஐ 4,200-ஆல் வகுத்தால் 1.10. உயர்வு சரியாக 10%. கூற்று தேறிவிட்டது.

இந்தப் பிணைப்புத்தான் சரிபார்ப்பின் உயிர். கணக்குப் போடுவது கணினிக்கு எளிது. எந்தக் கட்டங்களை வைத்துக் கணக்குப் போடுவது என்பதுதான் கடினம். முந்தைய காலாண்டின் கட்டத்தை எடுத்திருந்தால் விற்பனை 2.7% குறைந்ததாக வந்திருக்கும்.

வரும் விடை பெரும்பாலும் இவ்வளவு வட்டமாக இருக்காது. எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வது? அந்த அளவை நாமாக முடிவு செய்யக் கூடாது, வாக்கியத்தின் தசம இடங்களே அதைச் சொல்லிவிடுகின்றன. “10%” என்று எழுதியவர் 9.5 முதல் 10.5 வரைக்கும் பொறுப்பேற்கிறார். “10.0%” என்று எழுதியவருக்கு 9.95 முதல் 10.05 வரைதான் இடம். பைத்தானில் இது சில வரிகள்:

```python
def ok(actual, stated, places):
    half = 0.5 * 10 ** (-places)
    return abs(actual - stated) <= half + 1e-9
```

`places` என்பது பத்தியில் எழுதப்பட்ட தசம இடங்களின் எண்ணிக்கை. கடைசியில் உள்ள `1e-9`, கணினி தசம எண்களைச் சேமிக்கும்போது நேரும் நுண்ணிய பிசிறுக்காக. எண்ணுக்கு அருகில் நிற்கும் சொல்லையும் மறக்கக் கூடாது. “10 சதவீதத்துக்கும் மேல்” என்று எழுதியிருந்தால் இதே அட்டவணையை வைத்து அது தவறு, ஏனென்றால் உயர்வு மிகச் சரியாகப் பத்து.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். லாப விகிதம் 16.9-லிருந்து 18.4-க்குப் போயிருக்கிறது. கழித்தால் 1.5, ஆனால் அது 1.5 சதவீதப் புள்ளி. சதவீதத்தில் சொன்னால் 18.4-ஐ 16.9-ஆல் வகுக்க வேண்டும், உயர்வு 8.9% வரும். பேச்சு வழக்கில் இரண்டையும் கலந்துவிடுகிறோம். அறிக்கையில் கலந்தால் வாசகருக்கு எது நடந்தது என்றே தெரியாது. அதனால் அட்டவணையின் வரிசை ஏற்கெனவே சதவீதத்தில் இருந்தால் சரிபார்ப்பான் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். பத்தியின் எண் கழித்தலோடு பொருந்தி, சொல் வகுத்தலைக் குறித்தால், அதைச் சொல் பிழை என்று தனியாகக் குறிக்க வேண்டும். திருத்துபவருக்கு எதை மாற்றுவது என்று உடனே தெரியும்.

மூன்றாவதுதான் மிக மோசம். 750% எங்கிருந்து வந்தது? கணக்கர்கள் நட்டத்தை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். சென்ற ஆண்டு 60 லட்சம் நட்டம். அடைப்புக்குறியை உதறிவிட்டு 60 என்று படித்தால் 510-க்கும் 60-க்கும் உள்ள உயர்வு 750%. இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. எழுதும் மென்பொருளும் சரிபார்க்கும் மென்பொருளும் அட்டவணையை ஒரே நிரலால் படித்தால் இரண்டும் ஒரே தவறைச் செய்து, ஒன்றையொன்று ஆமோதித்துக்கொள்ளும். சரிபார்ப்பான் மூலத் தரவைத் தனியாகத் திறந்து தனியாகப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நட்டத்தைச் சரியாகப் படித்த பிறகும் அங்கே ஒரு சதவீதம் போட வழியில்லை. நட்டத்திலிருந்து லாபத்துக்குத் திரும்பியதைச் சதவீதத்தில் சொல்வதற்கு அர்த்தமே கிடையாது. அடிப்படை எண் சுழியமாகவோ குறை எண்ணாகவோ இருந்தால் சதவீதக் கூற்றை நிராகரி என்று விதியே எழுதிவிடலாம். “60 லட்சம் நட்டத்திலிருந்து 510 லட்சம் லாபத்துக்குத் திரும்பியது” என்பதுதான் நேர்மையான வாக்கியம்.

கடைசி வாக்கியத்தில் எண்ணே இல்லை. எண்ணை மட்டும் தேடும் சரிபார்ப்பான் இதைத் தொடக்கூட மாட்டான். ஆனால் “தொடர்ந்து வளர்ந்துவருகிறது” என்பதும் தரவைப் பற்றிய கூற்றுத்தான். முந்தைய காலாண்டில் 4,750 இருந்தது இப்போது 4,620. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீட்டில் வளர்ச்சி, காலாண்டுக்குக் காலாண்டு ஒப்பீட்டில் சரிவு. பண்டிகை விற்பனை முடிந்ததால் வந்த இயல்பான சரிவாகவும் இருக்கலாம், ஆனால் மூன்று கட்டங்களை மட்டும் வைத்து “தொடர்ந்து” என்று சொல்லிவிட முடியாது. இத்தகைய சொற்களுக்கு முன்பே பொருள் வரையறுத்துவைப்பது நல்ல வழி. எடுத்துக்காட்டாக, “தொடர்ந்து” என்றால் குறைந்தது நான்கு காலாண்டுகள், “நிலையாக” என்றால் இத்தனை சதவீதத்துக்குள் ஏற்ற இறக்கம் என்பதுபோல. “புதிய கிளைகளின் பலத்தால்” என்பது வேறு வகை. அட்டவணையில் கிளைகளைப் பற்றி ஒன்றுமே இல்லை. அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் இந்தத் தரவிலிருந்து வந்ததில்லை. அதைத் தவறு என்றும் குறிக்காமல் சரி என்றும் விடாமல், ஆதாரமற்றது என்று மூன்றாவது பெயரில் ஒதுக்க வேண்டும்.

இப்படிப் பிழைகளை வகைப்படுத்தும் வேலையைக் கவனமாகச் செய்தவர்கள் அபர்தீன் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் தாம்சனும் எகுத் ரைட்டரும். 2020-இல் அவர்கள் கூடைப்பந்து ஆட்டங்களின் புள்ளிவிவரங்களிலிருந்து கணினி எழுதிய வருணனைகளை மனிதர்களைக் கொண்டு வரிவரியாகச் சோதித்தார்கள். எண் பிழை, பெயர்ப் பிழை, சொல் பிழை, சூழலால் தவறான பொருள் தரும் பிழை, சரிபார்க்கவே முடியாத கூற்று என்று பிரித்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், இதே கூடைப்பந்துத் தரவில் சாம் வைஸ்மனும் சக ஆய்வாளர்களும் தானியங்கி வழி ஒன்றைக் காட்டியிருந்தார்கள். பத்தியிலிருந்து கூற்றுகளை ஒரு நிரல் பிரித்தெடுக்கும், அவற்றில் எத்தனை அட்டவணையோடு பொருந்துகின்றன என்று எண்ணும். பயனுள்ள வழிதான், ஆனால் அதில் ஒரு துளை உண்டு. பிரித்தெடுக்கும் நிரல் கவனிக்காமல் விட்ட கூற்று கணக்கிலேயே வராது. “100% பொருத்தம்” என்ற முடிவு, பார்த்தவை எல்லாம் சரி என்று மட்டுமே சொல்கிறது.

சரிபார்ப்பு எங்கே நின்றுபோகிறது என்பதை 2015 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட ஒரு தானியங்கிச் செய்தி காட்டியது. நெட்பிளிக்ஸ் பங்கின் விலை அந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 71% விழுந்துவிட்டதாக அதில் இருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் பங்கு சுமார் 342 டாலர், செய்தி வந்த நாளில் சுமார் 98 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 71% சரிவுதான். ஆனால் இடையில் நெட்பிளிக்ஸ் ஒவ்வொரு பங்கையும் ஏழாகப் பிரித்திருந்தது. பழைய விலையையும் ஏழால் வகுத்தால் சுமார் 49 டாலர். அதாவது பங்கின் விலை இரண்டு மடங்குக்கும் சற்றுக் கூடியிருந்தது. நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது.

நான் மேலே சொன்ன எந்தப் படியும் இந்தப் பிழையைப் பிடித்திருக்காது. கூற்று சரியான கட்டங்களோடுதான் பிணைந்திருந்தது, வகுத்தலும் சரி. இரண்டு கட்டங்களும் வெவ்வேறு பொருளை அளந்ததுதான் சிக்கல். இதற்கு வேறு விதமான காவல் வேண்டும். ஒப்பிடப்படும் இரு காலங்களுக்கு இடையே அளவீட்டின் வரையறை மாறியதா என்ற குறிப்பு தரவோடு வர வேண்டும். பங்குப் பிரிப்பு, கணக்கு முறை மாற்றம், பழைய எண்களின் திருத்தம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். குறிப்பு இல்லாவிட்டாலும், வழக்கத்துக்கு மிஞ்சிய மாற்றம் வந்தால் வெளியீட்டை நிறுத்தி ஒரு மனிதரிடம் காட்ட வேண்டும். பெரிய நிறுவனத்தின் பங்கு எழுபது சதவீதம் விழுந்தது என்ற வாக்கியம் யாருடைய கண்ணிலும் படாமல் போகக் கூடாது.

இவ்வளவும் கட்டிய பிறகு சரிபார்ப்பானையே சோதிக்க ஒரு வழி உண்டு. மனிதர்கள் பார்த்துச் சரி என்று உறுதி செய்த பத்திகளை எடுத்து, வேண்டுமென்றே பிழைகளை விதைப்பது. ஓர் இடத்தில் லட்சத்தைக் கோடியாக்கு, இன்னோர் இடத்தில் உயர்வைச் சரிவாக்கு, மற்றொன்றில் காலாண்டை மாற்று, ஓர் எண்ணை மட்டும் கடைசி இலக்கத்தில் தொடு. பிறகு எந்த வகையில் எத்தனை பிடிபட்டன என்று வகைவாரியாக எண்ணிப் பார். மொத்தமாக ஒரே சதவீதம் போட்டால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் எளிதில் பிடிபடும் எண் பிழைகள் அந்தச் சராசரியைத் தூக்கிவிடும். “தொடர்ந்து”, “அதனால்” போன்ற சொற்களில் விதைத்தவை எத்தனை தப்பின என்பதைத் தனியே பார்க்க வேண்டும். தப்பிய வகை எதுவோ, அந்த வகை வாக்கியங்களை மென்பொருள் எழுதவே விடாமல் தடுப்பதா, மனிதர் படித்த பிறகு வெளியிடுவதா என்று அப்போதுதான் முடிவெடுக்க முடியும்.