வார்டுக்கு நன்றிக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு: "அனைவருக்கும் நன்றி" போதாது

பக்கவாதம் வந்த அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு, மகள்கள் வார்டுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். நல்ல மனசு. ஆனால் பத்துக்கு ஒன்பது கடிதம் இப்படித்தான் இருக்கிறது: "தெய்வமாக வந்து காப்பாற்றிய டாக்டருக்கும், ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி." இந்த வாரம் வந்ததும் அப்படியே. மூக்கில் குழாயோடு நாள்கணக்கில் படுத்திருந்த மனிதருக்கு யார் என்ன செய்தார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை.

ஏன் என்று கேட்டால், "பேரு தெரியாது சிஸ்டர், தேதியும் சரியா ஞாபகம் இல்ல, தப்பா எழுதிடக் கூடாதுல்ல" என்கிறார்கள். இந்தத் தயக்கம்தான் எல்லாக் கடிதங்களையும் வெறுமையாக்குகிறது. பெயரைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் டூட்டி ரோஸ்டர் இருக்கிறது. "அட்மிட் ஆன மறுநாள் நைட் டூட்டி, கண்ணாடி போட்ட சிஸ்டர்" என்று எழுதினாலே ஆளைப் பிடித்துவிடலாம். அனுமதித்த தேதி, வார்டு, யூனிட், ஐ.பி. நம்பர் எல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணுங்கள். ஸ்கேன் எடுத்தது, குழாய் போட்டது, கட்டில் மாற்றியது என்று ஒவ்வொன்றும் ஒரு நாளில் போய் நிற்கும். அன்றைக்கு அண்ணனுக்குப் போன் பண்ணின நேரம் உங்கள் போனிலேயே இருக்கும். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் "மூன்றாம் நாளோ நான்காம் நாளோ" என்றே எழுதுங்கள். தயவுசெய்து ஊகித்து நிரப்பாதீர்கள்.

ஒரு மகள் கிறுக்கி வைக்கும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ட்யூப்ல பால் ஊத்த ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தாங்க. படுக்க வெச்சு ஊத்துனதுக்குத் திட்டுனாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ ரெண்டு பேர் அப்பாவப் புரட்டிப் போட்டாங்க."

கடிதத்துக்கு இதுவே போதும். திட்டினபோது என்ன சொன்னார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வை, ஒரு வேளைக்கு 200 மில்லிக்கு மேல் போகாதே, மெதுவாக விடு, ஊற்றி அரை மணி நேரமாவது படுக்க வைக்காதே என்றிருப்பார். விழுங்க முடியாதவரைப் படுக்க வைத்து ஊற்றினால் பால் மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். திட்டுக்குக் காரணம் அதுதான். அதைக் கடிதத்தில் இப்படி எழுதலாம்:

"மூன்றாம் அல்லது நான்காம் நாள் மதியம் டூட்டியில் இருந்த சிஸ்டர், அப்பாவின் தலையை உயர்த்தி வைத்துக் குழாயில் பால் கொடுப்பது எப்படி என்று செய்து காட்டினார். நான் தனியாகச் சரியாகச் செய்யும்வரை பக்கத்திலேயே நின்றார். வீட்டிலும் அப்படியேதான் கொடுக்கிறேன்."

இரண்டு மணிக்குப் புரட்டினது தற்செயல் இல்லை. தானாக அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றாவிட்டால் முதுகின் அடியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். வந்த இருவரில் ஒருவர் சிஸ்டர் என்றால், மற்றவர் பெரும்பாலும் வார்டு பணியாளர். அவரை யாரும் எழுதுவதே இல்லை. அவரையும் எழுதுங்கள். "வீட்டுக்கு வந்தபோது அப்பா முதுகில் ஒரு புண்கூட இல்லை" என்ற ஒரு வரி பத்து 'தெய்வ'த்துக்குச் சமம்.

பாராட்டே வினையாகிவிடுவதும் உண்டு. "டாக்டர் வருவதற்குள் சிஸ்டரே ஊசி போட்டுக் காப்பாற்றினார்" என்று எழுதினால், உத்தரவில்லாமல் மருந்து கொடுத்தாரா என்று அவரைத்தான் விசாரிப்பார்கள். டாக்டர் போனில் சொல்லியிருப்பார், அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "காசு வாங்காமல் ஸ்ட்ரெச்சர் தள்ளினார்", "நேரம் தாண்டியும் உள்ளே விட்டார்", "மற்ற சிஸ்டர்கள் எரிந்து விழுந்தாலும் இவர் அப்படியில்லை" என்பவையும் வேண்டாம். குறை இருந்தால் தனிக் கடிதமாகக் கொடுங்கள், அதற்கும் இடம் உண்டு. சி.டி. ஸ்கேன் எடுத்ததை "மூளை ஆபரேஷன்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். சம்மரியை ஒரு முறை படித்துவிட்டு எழுதினால் அந்தத் தவறு வராது.

குழாயோடு இருக்கும் அப்பாவின் படத்தைக் கடிதத்தோடு இணைக்காதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள். கவரில் பணமும் வேண்டாம்.

ஒரு பக்கம் போதும். மேலே நோயாளி பெயர், ஐ.பி. நம்பர், வார்டு, சேர்ந்த தேதி, வீட்டுக்குப் போன தேதி எழுதுங்கள். கடிதத்தைச் செவிலியர் கண்காணிப்பாளருக்கு எழுதி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன் அலுவலகத்துக்கு ஒரு நகல், வார்டு இன்சார்ஜுக்கு ஒரு நகல் கொடுங்கள். முதல் மறுபரிசோதனைக்கு வரும்போதே கையோடு கொண்டு வாருங்கள். மாதங்கள் போனால் பழைய ரோஸ்டரைத் தேட வேண்டியிருக்கும், பயிற்சி டாக்டர்களும் வேறு வார்டுக்குப் போயிருப்பார்கள்.