ஜிம் நோட்டில் 15 எப்போது 50 ஆனது?

தோள்வலியோடு வருகிறவர்களிடம் ஜிம் நோட்டு இருந்தால் கொண்டுவரச் சொல்வேன். சேலத்தில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு, வலி எந்த வாரத்தில் தொடங்கியிருக்கும் என்பதை அந்த நோட்டுதான் பல நேரம் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அதை வரிசையாக மாற்றி எழுதினால்தான் காட்டும். அப்படியே புரட்டினால் ஏமாற்றிவிடும்.

அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டும் தம்பி ஒருவர். தீபாவளி ஆர்டர் முடிந்து தறிவேலை குறைந்ததும் ஜிம்மில் கூடுதல் நேரம் இருந்திருக்கிறார். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் வலது தோள் வலித்தது. நோட்டில் முதலில் எடையும் அடுத்து ரெப்பும், அதாவது எத்தனை தடவை தூக்கினார் என்பதும், எழுதியிருந்தார். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு ஒரு பக்கம் "15 – 10, 〃 – 8" என்றும், இரண்டு வாரம் கழித்து "50 – 10, 〃 – 8" என்றும் இருந்தது. கூட வந்த அவருடைய அண்ணன், "பாருங்க சார், பதினஞ்சுல இருந்து அம்பதுக்குத் தாவியிருக்கான்" என்றார்.

தாவவில்லை. எடை உண்மையிலேயே மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தால், அதே 10 ரெப்பும் 8 ரெப்பும் வராது. முதலில் அவர் எழுதியது ராடின் ஒரு பக்கத்து பிளேட்டை மட்டும். அப்புறம் யாரோ சொல்லி, மொத்த எடையை எழுத ஆரம்பித்திருக்கிறார். இரண்டு பக்கமும் சேர்த்து 30, ராடு 20, ஆக 50. இரண்டும் ஒரே எடைதான். ராடு எல்லாம் 20 கிலோ என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்களுக்கான ஒலிம்பிக் ராடு 20 கிலோ இருக்கும்; சின்ன ஜிம்களில் அதைவிட லேசான ராடுகள் உண்டு. ராடைப் பிடித்தபடி எடை மெஷினில் ஒருமுறை, பிடிக்காமல் ஒருமுறை நின்று, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

சரி, பிறகு வலி எங்கிருந்து வந்தது? ஷோல்டர் பிரஸ் பக்கத்தில் இருந்தது பதில். முன்பு ஒரே வரியில் "7½ 3×10" என்று எழுதியிருந்தார். கைக்கு ஏழரைக் கிலோ டம்பெல், மூன்று செட், செட்டுக்குப் பத்து ரெப். பின்பு வந்த பக்கத்தில் "7½ – 10" என்று ஒரு வரி, அதன் கீழே ஐந்து வரிகளில் இரட்டைக் கோடுகளாக டிட்டோ. அவசரத்தில் போட்ட டிட்டோ அச்சு அசலாக 11 மாதிரியே இருக்கும். எடைக் கட்டத்தில் 11 என்று படித்தால் உடனே சந்தேகம் வரும். ஏனென்றால் அந்த ஜிம்மில் டம்பெல்கள் இரண்டரை இரண்டரையாகத்தான் ஏறும், 11 கிலோ கிடையாது. ரெப் கட்டத்தில் 11 என்பது நடக்கக்கூடியதே, அங்கேதான் ஏமாறுவோம். அதே பக்கத்தில் தேதியில் அவர் 1 எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன்: கீழே சின்னக் கோடு இழுத்து எழுதுகிறார். டிட்டோவில் அந்தக் கோடு இல்லை.

ஒரு செட்டுக்கு ஒரு வரிசை என்று எழுதியபோது இப்படி வந்தது:

```
பயிற்சி, செட், ரெப், எடை, எடை எப்படி
ஷோல்டர் பிரஸ், 1, 10, 7.5, ஒரு கைக்கு
ஷோல்டர் பிரஸ், 2, 10, 7.5, ஒரு கைக்கு
...
ஷோல்டர் பிரஸ், 6, 10, 7.5, ஒரு கைக்கு
```

எடை அப்படியே இருக்க, மூன்று செட் ஆறாகியிருக்கிறது. ஒரே வாரத்தில் 30 ரெப் 60 ஆகிவிட்டது. அதிகபட்ச எடையை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படவே படாது. வலி தொடங்கியதாக அவர் சொன்னது அதற்கு அடுத்த வாரம். இது மட்டும்தான் காரணம் என்று நோட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. தோளைப் பரிசோதித்த பிறகுதான், பிரஸ்ஸை மறுபடி மூன்று செட்டுக்கு இறக்கினேன்.

இன்னொரு பக்கத்தில் "4×12" என்றும் அதற்கடுத்து "12×4" என்றும் இருந்தது. பெரும்பாலும் சின்ன எண்தான் செட் என்றாலும், கனமான ஸ்குவாட்டில் ஆறு செட், மூன்று ரெப் என்பதும் உண்டு. பக்கத்தைப் பார்த்துத் தெளியவில்லை என்றால் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். அவருக்கும் நினைவில்லையா, கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போடாதீர்கள், கணக்கில் அது எடையே தூக்காத நாளாகச் சேர்ந்துவிடும். நோட்டில் இருந்ததை இருந்தபடியே எழுத ஒரு கடைசிக் கட்டமும் வைத்துக்கொள்வேன். நம் வாசிப்பு தப்பென்று பிறகு தெரிந்தால் திருத்த அதுதான் உதவும்.

லேட் புல்டவுன் போன்ற மெஷின் எண்களுக்கு ஜிம்மின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். ஒரு மெஷினில் 5 என்றால் ஐந்தாவது பிளேட், இன்னொன்றில் எடை பவுண்டில் இருக்கும், கப்பி வைத்திருக்கும் விதமும் மாறும். இந்தத் தம்பி நடுவில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வேறு ஜிம்முக்கு மாறியிருந்தார். அதனால் அவருடைய புல்டவுன் வரிசைகளை இரண்டாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறேன், ஒன்றோடொன்று ஒப்பிடவில்லை.